லொறி வாங்கியதும் கடைக்குப் பெயின்ட் அடித்ததும்: கணக்கில் எது எங்கே போகும்?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பலசரக்குக் கடையில் புதிதாகக் கணக்கு எழுத உட்காருகிறவருக்குக் காசேடு பெரிய தொல்லை தருவதில்லை. காசு வந்தது, காசு போனது, மீதி இவ்வளவு என்று எழுதிவிடலாம். தொல்லை தொடங்குவது மார்ச் 31 இல், வருட இலாபத்தைக் கணக்கிடும்போது. காசேட்டில் போன காசெல்லாம் ஒரே பக்கத்தில், ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அவற்றில் சிலதுதான் அந்த வருட இலாபத்திலிருந்து கழிபட வேண்டும். மற்றது கடையின் சொத்தாக உட்கார்ந்து, வரும் வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிபட வேண்டும்.

முதல் வகையை வருமானச் செலவு என்கிறோம். அது நேராக இலாப நட்டக் கணக்குக்குப் போகும். இரண்டாவது மூலதனச் செலவு. அது நிதி நிலைமைக் கூற்றில், பழைய ஆட்கள் ஐந்தொகை என்று சொல்லும் அந்தத் தாளில், சொத்தாக நிற்கும். இந்த வரைவிலக்கணத்தைப் பாடப் புத்தகத்தில் படித்து ஒப்புவிப்பது சுலபம். கையில் ஒரு பில்லை வைத்துக்கொண்டு இது எந்தப் பக்கம் என்று முடிவெடுப்பதுதான் வேலை. அந்த வேலையை ஒரு கடையின் உதாரணத்தோடு இங்கே செய்து பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட கடை

கடைக்காரர் பலசரக்கு விற்கிறார். கூடவே சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து கரட், லீக்ஸ், கோவா சேர்த்துப் பேலியகொடைச் சந்தைக்கு அனுப்புகிறார். இதுவரை வாடகை லொறி. 2024 ஒக்டோபர் 1 ஆம் திகதி சொந்தமாக ஒரு பாவித்த லொறி வாங்கினார். அதே மாதம், தீபாவளிக்கு முன்னர், கடை முழுவதற்கும் பெயின்ட் அடித்தார். அவருடைய கணக்கு வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பெயின்ட் செலவையும் லொறியின் தேய்வையும் கழிப்பதற்கு முன், மற்ற எல்லாச் செலவும் போக, அந்த வருட இலாபம் 19 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. விலை இடத்துக்கு இடம் மாறும், முறை மாறாது.

வருட முடிவில் முதலாளி நிச்சயம் இப்படிக் கேட்பார்: "தம்பி, ரெண்டுக்கும் காசு என் கையாலதானே குடுத்தேன். ஒண்ணச் செலவுங்கிற, இன்னொண்ணச் செலவில்லேங்கிற. இது என்ன கணக்கு?"

நியாயமான கேள்வி. கணக்கு எழுதுகிறவர் இதற்கு நேரான பதில் வைத்திருக்க வேண்டும்.

முதலில்: தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் பெரிய தொகை என்றால் மூலதனம், சின்னத் தொகை என்றால் வருமானச் செலவு என்று பிரித்துவிடுகிறார்கள். நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு ஏப்ரல் சீசனுக்கு முன் வெளிச்சுவர் முழுதும் பெயின்ட் அடித்தால் 25 இலட்சம் போகலாம். அது வருமானச் செலவுதான். அதே ஹோட்டல் சாமான் எடுத்துவர 2 இலட்சத்துக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால் அது மூலதனச் செலவு. தொகை பதில் சொல்வதில்லை.

காசு எப்படிக் கொடுத்தோம் என்பதும் பதில் சொல்வதில்லை. ரொக்கமாகக் கொடுத்தாலும், காசோலை எழுதினாலும், லீசிங்கில் எடுத்தாலும், கடனுக்கு வாங்கினாலும் லொறி லொறிதான்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் செலவுக்கு முன்னர் கடையிடம் என்ன இருந்தது, செலவுக்குப் பிறகு என்ன இருக்கிறது? ஒக்டோபர் 1 க்கு முன் கடையிடம் லொறி இல்லை. அன்றிலிருந்து இருக்கிறது. அது இந்த மார்ச் மாதத்தோடு முடிந்துபோவதில்லை; அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் மரக்கறி ஏற்றப் போகிறது. அந்த வருடங்களில் வரும் வியாபாரத்துக்கும் இந்த லொறி உழைக்கிறபடியால், அதன் விலையில் ஒரு பங்கை அந்த வருடங்களும் சுமக்க வேண்டும். அதனால்தான் முழு விலையையும் வாங்கிய வருடத்தின் தலையில் வைப்பதில்லை.

பெயின்ட் அடிப்பதற்கு முன் கடையிடம் ஒரு கடை இருந்தது. பிறகும் அதே கடைதான். இடம் கூடவில்லை, தட்டு கூடவில்லை, ஒரு மூடை அரிசி அதிகமாக வைக்க வழி வரவில்லை. பழையபடி பார்க்கிற மாதிரி ஆனது, அவ்வளவுதான்.

பெயின்டும் மூன்று வருடம் நிற்குமே?

இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமான ஒரு மறுப்பு வரும். நல்ல பெயின்ட் அடித்தால் மூன்று வருடம் தாங்கும். ஒரு வருடத்துக்கு மேல் பயன் தருவது மூலதனச் செலவு என்றால் பெயின்டும் அப்படித்தானே?

இதற்குப் பதில், அந்தச் சுவரை ஏற்கெனவே எப்படிக் கணக்கில் வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. கட்டடத்தைச் சொத்தாகப் பதியும்போது அதற்கு 20 வருடமோ 40 வருடமோ ஆயுள் மதிப்பிடுகிறோம். அந்த மதிப்பீட்டுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: அவ்வப்போது பெயின்ட் அடித்து, ஓட்டைச் சரிசெய்து, பீலியைத் துப்புரவு செய்து பார்த்துக்கொண்டால்தான் அது அத்தனை வருடம் நிற்கும். நம்முடைய பக்கத்தில் இது கண்ணுக்கே தெரியும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வெயில் படாத சுவரில் முதலில் கறுப்புப் புள்ளி வரும், பிறகு பச்சைப் பாசி, அதற்குப் பிறகு சாந்து உப்பி உதிரும். பெயின்ட் அடிப்பது அந்த வரிசையை நடுவில் நிறுத்துகிற வேலை. கட்டடத்துக்கு முன்பே எழுதிவைத்த ஆயுளைக் காப்பாற்றுகிறோமே தவிர, புதிதாக ஓர் ஆயுளை வாங்கவில்லை. ஏற்கெனவே கணக்கில் இருக்கிற பயனுக்கு மறுபடியும் ஒரு சொத்து எழுதினால் ஒரே பயனை இரண்டு தரம் எழுதியதாகிவிடும்.

லொறிக்கும் இதே நியாயம்தான். அது ஆறு வருடம் ஓடும் என்று மதிப்பிட்டால், ஒயில் மாற்றி, பிரேக் பார்த்து ஓட்டினால்தான் அத்தனை வருடம் ஓடும். ஆகவே ஒயிலும் பிரேக் லைனிங்கும் வருமானச் செலவு. லொறிக்கே பெயின்ட் அடித்தாலும், முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரத்தான் என்றால், அதுவும் வருமானச் செலவுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பில்களில் முக்கால்வாசி தாமாகவே பிரிந்துவிடும்.

லொறியின் விலை எவ்வளவு என்று கண்டுபிடித்தல்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. லொறியின் கிரயம் என்பது விற்றவருக்குக் கொடுத்த தொகை மட்டும் இல்லை. அதை ஓடக்கூடிய நிலைக்கு, நம் வேலையைச் செய்யக்கூடிய நிலைக்குக் கொண்டுவர ஆன தவிர்க்க முடியாத செலவு எல்லாம் அதில் சேரும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 சொல்வதும் இதுதான்.

நம் கடைக்காரர் விற்றவருக்குக் கொடுத்தது 42 இலட்சம். தரகருக்கு 40,000. உரிமை மாற்றத்துக்கும் அதன் பத்திர வேலைகளுக்கும் 10,000. லொறி பாவித்தது என்பதால் கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, பிரேக் முழுவதையும் செய்த பிறகுதான் கண்டிப் பாதையில் இறக்க முடியும் என்று கராஜில் சொன்னார்கள். அதற்கு 1 இலட்சம். மரக்கறிப் பெட்டி அடுக்குவதற்குப் பின்தொட்டியில் மரச்சட்டம் அடித்துத் தறப்பாள் போட 1 இலட்சத்து 50,000. மொத்தம் 45 இலட்சம். இதுதான் லொறியின் கிரயம்.

இதில் பிரேக் வேலையைக் கவனியுங்கள். சற்று முன்னர்தான் பிரேக் வேலை வருமானச் செலவு என்று சொன்னேன். இங்கே அது கிரயத்தில் சேர்ந்துவிட்டது. முரண்பாடு ஒன்றும் இல்லை. வாங்கும்போதே பிரேக் தேய்ந்திருந்தபடியால்தான் லொறி அந்த விலைக்குக் கிடைத்தது. நம் கையில் ஒரு மைல்கூட ஓடுவதற்கு முன் அதைச் சரிசெய்தது, லொறியை வாங்குவதன் ஒரு பகுதி. ஆறு மாதம் நாம் ஓட்டித் தேய்த்த பிறகு செய்யும் அதே வேலை நம் ஓட்டத்தின் செலவு. பில்லில் வசனம் ஒன்றாகவே இருக்கும். திகதிதான் உங்களுக்கு வழிகாட்டும்.

பெயின்டுக்கும் இந்த விதி பொருந்தும். பழைய கட்டடம் ஒன்றை வாங்கி, கடை திறப்பதற்கு முன் அதைப் பாவிக்கத் தக்கதாக்க அடித்த முதல் பெயின்ட் அந்தக் கட்டடத்தின் கிரயத்தில் சேரும். பின்னால் புதிதாக ஒரு களஞ்சிய அறை கட்டி அதற்கு அடித்த பெயின்டும் அந்த அறையின் கிரயம்தான்.

இனி, லொறியோடு சேர்ந்தே வந்தாலும் கிரயத்தில் சேராதவை. காப்புறுதிக் கட்டுப்பணமும் வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணமும் அந்தந்தக் காலத்துக்கு மட்டும் உரியவை. ஒக்டோபரில் 90,000 கட்டிய காப்புறுதி அடுத்த செப்டம்பர் வரைக்கும் என்றால், மார்ச் 31 வரைக்கான 45,000 இந்த வருடச் செலவு. மிச்சம் 45,000 முற்கொடுப்பனவாக அடுத்த வருடத்துக்குப் போகும். அதைக்கூட லொறிக் கணக்கில் போடக் கூடாது. டீசல், சாரதி சம்பளம், கராஜுக்கு லொறியைக் கொண்டுபோனவருக்கு வாங்கிக் கொடுத்த சாப்பாடு எல்லாம் வருமானச் செலவு.

பதிவு

லொறிக்குக் கைக்காசாக 17 இலட்சத்தை வங்கியிலிருந்து எடுத்துக் கொடுத்து, 25 இலட்சத்துக்கு லீசிங் எடுத்தார் என்று வைப்போம். மற்ற 3 இலட்சமும் வங்கியிலிருந்து போனது. அப்படியானால் மோட்டார் வாகனக் கணக்கின் வரவுப் பக்கத்தில் 45 இலட்சம் எழுத வேண்டும். எதிராக, வங்கிக் கணக்கின் செலவுப் பக்கத்தில் 20 இலட்சமும், லீசிங் கடன் கணக்கின் செலவுப் பக்கத்தில் 25 இலட்சமும் வரும். இலாப நட்டக் கணக்கை இந்தப் பதிவு தொடவே இல்லை.

பெயின்டுக்கு ஆனது 1 இலட்சத்து 80,000: பெயின்ட் டின்கள், பாசி மருந்து, சாரம் கட்டிய வாடகை, பெயின்ட் பாஸின் கூலி எல்லாம் சேர்த்து. கட்டடப் பழுதுபார்ப்பு, பராமரிப்புக் கணக்கின் வரவுப் பக்கத்தில் அதை எழுதி, வங்கியின் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். வருட முடிவில் அது முழுதாக இலாபத்திலிருந்து கழிபடும். கடை சொந்தக் கட்டடமா வாடகைக் கடையா என்பது இதில் எதையும் மாற்றாது. வாடகைக் கடையில் நீங்கள் காசு போட்டு இரும்பு ராக்கையும் மேல்தட்டையும் கட்டினால் மட்டும் கதை வேறு. அது மூலதனச் செலவு. அதன் ஆயுளை, பிடுங்கிக்கொண்டு போக முடியாததாக இருந்தால், வாடகை ஒப்பந்தம் முடியும் நாளுக்கு மேல் நீட்டாதீர்கள்.

லீசிங் தவணையில் கவனம்

மலையகத்துச் சிறு கடைகளில் நான் பார்க்கும் பிழைகளில் பெரியது இது. மாதம் 75,000 தவணை போகிறது. கணக்கு எழுதுகிறவர் மாதா மாதம் "லொறிச் செலவு 75,000" என்று எழுதிக்கொண்டே போகிறார். லொறி சொத்தாகவும் பதிவாகவில்லை, கடன் பொறுப்பாகவும் பதிவாகவில்லை. வங்கியில் இன்னொரு கடன் கேட்கப் போகும்போதுதான் தாளில் லொறியே இல்லை என்பது தெரியவரும்.

தவணைக்குள் இரண்டு வேறு விஷயம் இருக்கிறது. வருட வட்டி 18 வீதம், நிலுவையின் மேல் கணக்கிடுவது என்றால், முதல் மாத வட்டி 25 இலட்சத்துக்கு 37,500. அது வருமானச் செலவு. தவணையில் மிச்சமுள்ள 37,500 கடனைத் திருப்பிக் கொடுத்தது. அது எந்தச் செலவும் இல்லை, லீசிங் கடன் கணக்கைக் குறைக்கும். அடுத்த மாதம் நிலுவை 24 இலட்சத்து 62,500. வட்டி 36,937.50 ஆகக் குறையும், கடனுக்குப் போகும் பங்கு அந்தளவு கூடும். இப்படியே போகும். லீசிங் கொம்பனியிடம் தவணை அட்டவணையைக் கேட்டால், ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வட்டி, எவ்வளவு முதல் என்று பிரித்துத் தருவார்கள். ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே அதைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

வட்டியை லொறியின் கிரயத்தில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வாங்கின உடன் ஓடத் தயாராக இருக்கும் வாகனத்துக்குச் சேர்க்க முடியாது.

லொறி எப்படிச் செலவாகிறது

லொறியின் விலை செலவாகாமலே நின்றுவிடுவதில்லை. பெறுமானத் தேய்வு என்ற வழியாக ஒவ்வொரு வருடமும் இலாபத்திலிருந்து கழிபடும். அதற்கு இரண்டு மதிப்பீடு தேவை: நம்மிடம் எத்தனை வருடம் உழைக்கும், அதன் முடிவில் என்ன விலைக்குப் போகும்.

இந்த மதிப்பீட்டைப் பக்கத்துக் கடையிலிருந்து இரவல் வாங்க வேண்டாம். சமதரையில் ஓடும் லொறியும், தினமும் பாரத்தோடு மலை இறங்கி ஏறும் லொறியும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. கிளட்ச், பிரேக், டயர் சீக்கிரம் போகும் என்பது மட்டுமல்ல, தொடர்ந்து முதல் கியரில் இழுக்கும் என்ஜினும் களைத்துவிடும். நம் கடைக்காரர் ஆறு வருடம் என்றும், கடைசியில் 9 இலட்சத்துக்காவது விற்கலாம் என்றும் மதிப்பிடுகிறார். 45 இலட்சத்தில் 9 இலட்சம் போக 36 இலட்சம். ஆறால் வகுத்தால் வருடத்துக்கு 6 இலட்சம். இந்தக் கணக்கு வருடத்தில் லொறி இருந்தது ஆறு மாதம்தான், ஆகவே 3 இலட்சம். பெறுமானத் தேய்வுக் கணக்கின் வரவுப் பக்கத்தில் 3 இலட்சம். திரண்ட பெறுமானத் தேய்வுக் கணக்கின் செலவுப் பக்கத்தில் 3 இலட்சம். மார்ச் 31 இல் லொறியின் ஏட்டுப் பெறுமதி 42 இலட்சம்.

இப்போது முதலாளிக்கு விடையைக் காட்டலாம். 19 இலட்சத்திலிருந்து பெயின்டுக்கு 1 இலட்சத்து 80,000, லொறித் தேய்வுக்கு 3 இலட்சம் கழித்தால் இந்த வருட இலாபம் 14 இலட்சத்து 20,000.

லொறியை முழுதாக இந்த வருடச் செலவாக எழுதியிருந்தால்? 19 இலட்சத்திலிருந்து 45 இலட்சமும் 1 இலட்சத்து 80,000 உம் கழிய, 27 இலட்சத்து 80,000 நட்டம் என்று வரும். நன்றாக ஓடிய கடை தாளில் மூழ்கிப்போன மாதிரித் தெரியும். அடுத்த வருடம் லொறிக்கு ஒரு சதமும் கழிபடாதபடியால் இலாபம் 6 இலட்சம் கூடித் தெரியும். அந்த இலாபத்தை நம்பிக் காசை வெளியே எடுத்தால், லொறி தேய்ந்து முடியும் நாளில் மறு லொறிக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

மறுபக்கப் பிழை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு அழகாக இருக்கும். பெயின்டைக் கட்டடத்தோடு சேர்த்து 20 வருடத்துக்குத் தேய்த்தால் வருடத்துக்கு 9,000, இந்த அரை வருடத்துக்கு 4,500 தான் கழிபடும். இலாபம் 1 இலட்சத்து 75,500 கூடிவிடும். மூன்று வருடத்தில் அந்தப் பெயின்ட் உரிந்து, மறுபடி அடிக்க வேண்டியும் வரும். ஏட்டில் பழைய பெயின்ட் இன்னும் 17 வருடத்துக்குச் சொத்தாக நிற்கும்.

அமெரிக்காவின் வேர்ல்ட்கொம் தொலைபேசி நிறுவனம் 2002 இல் விழுந்ததற்குக் காரணமான கணக்குமோசடியின் மையத்தில் இருந்தது இதே வேலைதான். மற்ற நிறுவனங்களின் இணைப்புகளைப் பாவிக்கக் கொடுத்த வாடகை போன்ற கட்டணங்களை, அந்தந்த மாதச் செலவாக எழுதாமல், சொத்தாக எழுதினார்கள். முதலில் வெளிப்பட்ட தொகையே 3.8 பில்லியன் டொலர். உள்ளகக் கணக்காய்வாளர்கள் அதைப் பிடித்தது, சொத்துக் கணக்குக்கு வந்த பெரிய பெரிய தொகைகளுக்கு ஆதாரப் பத்திரம் கேட்டபோது எதுவும் இல்லாதபடியால்.

ஒரே பில்லில் இரண்டும் வந்தால்

கராஜ் பில் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம். 2025 மே மாதத்தில் நம் லொறிக்கு வந்த பில்லில் இப்படி இருக்கிறது: ஒயிலும் ஃபில்டரும் 16,000, பிரேக் லைனிங் 24,000, பின்தொட்டியில் இரண்டாவது அடுக்குக்கு இரும்புச் சட்டம் 60,000, கூலி 20,000. மொத்தம் 1 இலட்சத்து 20,000.

முழுவதையும் பழுதுபார்ப்பில் போட்டுவிட மனம் சொல்லும். ஆனால் இரும்புச் சட்டம் முன்பு இல்லாத ஒன்று. இனிமேல் ஒரே ஓட்டத்தில் இரண்டு அடுக்குப் பெட்டி, அடியில் உள்ள லீக்ஸ் நசுங்காமல் போகும். அது மூலதனச் செலவு. ஒயிலும் லைனிங்கும் வருமானச் செலவு. மிச்சம் இருப்பது கூலி. எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் போனது என்று கராஜ் பாஸிடம் கேட்டுப் பிரிப்பதே சரியான வழி. தெரியாது என்றால் சாமான் விலையின்படி பிரிக்கலாம்: 40,000 க்கு 60,000, ஆகவே கூலியில் 8,000 வருமானச் செலவு, 12,000 மூலதனம். முடிவில் 48,000 பழுதுபார்ப்புக் கணக்குக்கு, 72,000 மோட்டார் வாகனக் கணக்குக்கு. பிரித்த கணக்கைப் பில்லின் பின்புறத்திலேயே எழுதித் திகதி போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த 72,000 ஐ லொறியின் மிச்ச ஆயுளுக்குப் பங்கிட்டுத் தேய்க்க வேண்டும்.

உண்மையில் தலையைச் சொறிய வைப்பது பெரிய பாகத்தை மாற்றும்போதுதான். என்ஜினைத் திறந்து ரிங்கும் பேரிங்கும் போட்டால் அது பெரும்பாலும் பழுதுபார்ப்பு. என்ஜினையே கழற்றி வேறு என்ஜின் பூட்டினால், அது பல வருடம் உழைக்கும் ஒரு பெரிய பாகம், மூலதனமாக எழுதலாம். ஆனால் அப்போது பழைய என்ஜினின் மிச்சப் பெறுமதியை ஏட்டிலிருந்து நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏட்டில் ஒரு லொறிக்கு இரண்டு என்ஜின் இருக்கும். கூரைக்கும் இப்படித்தான். காற்றில் பறந்த நான்கு தகரத்தை மாற்றினால் பழுதுபார்ப்பு. கூரை முழுவதையும் இறக்கிப் புதுக் கூரை போட்டால் புதியதை ஏற்றி, பழையதை இறக்க வேண்டும்.

இன்னொன்று, மிகச் சின்னச் சாமான்கள். 1,500 ரூபாக் கரண்டித் தட்டும் நான்கு வருடம் உழைக்கும். அதற்காகத் தேய்வு கணக்கிட்டுக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. ஓர் எல்லையை, உதாரணமாக 25,000 ரூபாவை, எழுத்தில் வைத்து, அதற்குக் கீழே உள்ள சாமான்களை வாங்கிய வருடத்திலேயே செலவாக எழுதுங்கள். வருடத்துக்கு வருடம் எல்லையை மாற்றி இலாபத்தை இழுத்து வளைக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

பிழையைத் தேடுவது

மார்ச் முடிந்ததும், பரீட்சை மீதி எடுத்த பிறகு, இரண்டு கணக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்புக் கணக்கில் மாதம் 10,000, 20,000 என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில் திடீரென்று ஓர் 1,20,000 நின்றால், அந்தப் பில்லை எடுத்துப் பாருங்கள். மோட்டார் வாகனக் கணக்கில் ஏறிய ஒவ்வொரு தொகையையும் வாசித்து, "சர்வீஸ்", "ஒயில்", "டயர்", "காப்புறுதி" என்ற சொல் இருந்தால் அதை வெளியே எடுங்கள். பிறகு வாகனப் பதிவுப் புத்தகங்களை ஏட்டோடு ஒப்பிடுங்கள். கடைக்கு முன் நிற்கும் ஓட்டோ ஏட்டில் இல்லையென்றால் அது ஏதோ ஒரு வருடம் செலவாகப் போயிருக்கிறது.

வருமான வரிக்குப் போகும்போது இன்னொரு படி இருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, நீங்கள் மதிப்பிட்ட தேய்வை இலாபத்தோடு திரும்பக் கூட்டிவிட்டு, சட்டம் தரும் மூலதனக் கழிவைக் கழிக்க வேண்டும். சாமான் ஏற்றும் வாகனத்துக்கு அது 5 வருடத்தில் முடியும். பழுதுபார்ப்புக்கும் அந்தச் சட்டத்தில் தனி வரம்பு உண்டு. ஆகவே ஏட்டில் ஆறு வருடம், வரிக்கு ஐந்து வருடம் என்று இரண்டு அட்டவணை இருப்பது பிழை இல்லை. ஒன்றை மற்றொன்றில் போட்டுக் குழப்பாமல் இருந்தால் போதும்.

கடைசியாக, ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிச் சொத்துப் பதிவேடு ஒன்று திறவுங்கள். லொறியின் பக்கத்தில் பதிவு இலக்கம், செசி இலக்கம், வாங்கிய திகதி, கிரயம் 45 இலட்சம் எப்படி வந்தது, மதிப்பிட்ட ஆயுள், இறுதிப் பெறுமதி, ஒவ்வொரு வருடத் தேய்வு, பின்னால் சேர்த்தவை எல்லாம் இருக்க வேண்டும். இதன் பயன் விற்கும்போது தெரியும். 2027 செப்டம்பர் 30 இல் லொறியை 30 இலட்சத்துக்கு விற்கிறார் என்று வைப்போம் (இரும்புச் சட்டத்தைச் சேர்க்காமல் சொல்கிறேன்). மூன்று வருடத் தேய்வு 18 இலட்சம் போக ஏட்டில் இருப்பது 27 இலட்சம். ஆகவே இலாப நட்டக் கணக்குக்குப் போவது 3 இலட்சம் மட்டுமே. வங்கியில் விழுந்த 30 இலட்சத்தை அப்படியே விற்பனை வருமானமாக எழுதிவிட்டால், மரக்கறி விற்று வராத காசு மரக்கறி விற்ற காசாகிவிடும்.